ஒரு பேட்ச், ஒரு பிளேலிஸ்ட்

பத்தாம் வகுப்புக் கணக்குக்கு மாலை பேட்ச் ஒன்று நடத்துகிறேன். 34 பிள்ளைகள். பஸ் கிடைக்காமலோ காய்ச்சலாலோ வகுப்புக்கு வர முடியாதவர்கள் வீட்டில் பார்ப்பதற்காகத்தான் பாடங்களைப் பதிவுசெய்து யூடியூபில் ஏற்றத் தொடங்கினேன். ஏற்றுவது எளிது. ஏற்றியது 34 வீடுகளுக்குள் நிற்க வேண்டும் என்றால்தான் சில விஷயங்களை முதலிலேயே சரியாக அமைக்க வேண்டும். பாடம் எண்பதைத் தாண்டியபின் திருத்த உட்கார்ந்தால் ஒரு வாரம் போய்விடும். அதனால் முதல் வீடியோவை ஏற்றுமுன் இந்த அத்தியாயத்தைப் படித்துவிடுங்கள்.

யூடியூபில் ஒரு வீடியோவுக்கு மூன்று நிலைகள் உண்டு. Public என்றால் எல்லோருக்கும் தெரியும், தேடினாலும் கிடைக்கும். Private என்றால் நீங்களும், நீங்கள் மின்னஞ்சல் முகவரி கொடுத்துச் சேர்த்தவர்களும் மட்டும் பார்க்கலாம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது Unlisted. உங்கள் சேனல் பக்கத்தில் அது தெரியாது, தேடலில் வராது, சந்தாதாரர்களுக்கு அறிவிப்பும் போகாது. ஆனால் இணைப்பு கையில் இருக்கும் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், அதை இன்னொருவருக்கு அனுப்பவும் செய்யலாம். கடவுச்சொல் எதையும் அது கேட்காது.

அப்படியானால் Private வைத்துவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. முதல் மாதம் அப்படித்தான் செய்தேன். ஒவ்வொரு பிள்ளையிடமும் ஜிமெயில் முகவரி வாங்கிச் சேர்த்தேன். மறுநாளே அழைப்புகள் வரத் தொடங்கின. ஒரு பையன் அப்பா போனில் பார்க்கிறான், அதில் இருப்பது அப்பாவின் கணக்கு. இன்னொருத்தி அக்கா கல்லூரியிலிருந்து வந்த பிறகு அவள் போனில் பார்க்கிறாள். சில வீடுகளில் போன் வாங்கிய கடையிலேயே யாரோ திறந்துகொடுத்த கணக்கு, அதன் முகவரியே வீட்டாருக்குத் தெரியாது. இத்தனைக்கும் மேல், ஒவ்வொரு வீடியோவுக்கும் அந்தப் பட்டியலைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஆளுக்கு ஒரு போனும் ஒரு கணக்கும் இருக்கும் இடத்தில் Private சரிவரும். போன் வீட்டுக்குப் பொதுவாக இருக்கும் நம் ஊர்களில் அன்லிஸ்டட்தான் நடைமுறைக்கு ஒத்துவருகிறது. அதன் பூட்டு பலவீனமானது என்பதை அறிந்தே அதைத் தேர்ந்தெடுக்கிறோம். அந்தப் பலவீனத்தை எங்கெங்கே ஈடுகட்டுவது என்பதுதான் இனி வருவது.

வீடியோவுக்கு ஒரு நிலை, பட்டியலுக்கு ஒரு நிலை

பலர் தவறுவது இங்கேதான். பிளேலிஸ்ட் என்பது வீடியோக்களின் வரிசை மட்டுமே. அதற்கும் Public, Unlisted, Private என்று தனியாக மூன்று நிலைகள் உண்டு. வீடியோவின் நிலையை அது மாற்றாது, வீடியோவின் நிலையும் அதை மாற்றாது. அன்லிஸ்டட் வீடியோவைப் பொதுப் பிளேலிஸ்ட்டில் போட்டால், அந்தப் பட்டியலைப் பார்க்கிற எவருக்கும் வீடியோ தெரியும். அதன்பிறகு யூடியூப் தேடலிலும் அது வரக்கூடும். பிளேலிஸ்ட்டை Private ஆக்கினாலோ நீங்கள் அனுப்பும் இணைப்பைப் பிள்ளைகளால் திறக்கவே முடியாது. பட்டியல் அன்லிஸ்டட், உள்ளே ஒரு வீடியோ மட்டும் Private என்றால், அந்த ஒன்று மட்டும் அவர்களுக்கு ஓடாது. ‘மிஸ், ஏழாவது வீடியோ வரலை’ என்று ஒரு பிள்ளை சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது அந்த வீடியோவின் நிலையைத்தான்.

நமக்கு வேண்டியது வீடியோவும் அன்லிஸ்டட், பட்டியலும் அன்லிஸ்டட். புதிதாகப் பிளேலிஸ்ட் திறக்கும்போது எந்த நிலை முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கிறது என்பது நீங்கள் எங்கிருந்து திறக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறலாம். அதனால் பெயரைத் தட்டியவுடன் நிலையைக் கண்ணால் பார்த்து Unlisted என்று மாற்றிய பிறகே சேமியுங்கள். பட்டியலில் பிறரும் வீடியோ சேர்க்க அனுமதிக்கும் Collaborate என்ற வசதி அணைந்திருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு பேட்சுக்கு ஒரு கல்வியாண்டுக்கு ஒரு பிளேலிஸ்ட். இதுதான் என் ஏற்பாடு. பாடத்துக்கு ஒரு பிளேலிஸ்ட் என்று முதலில் பிரித்திருந்தேன். பத்தாம் வகுப்புக் கணக்கில் எட்டு இயல்கள், ஆக எட்டு இணைப்புகள். அவற்றில் எதை யாருக்குக் கொடுத்தேன் என்று எனக்கே நினைவில் நிற்கவில்லை. இப்போது ‘10 கணக்கு மாலை 2025–26’ என்று ஒரே பட்டியல். வரிசை தலைப்பிலேயே இருக்கிறது:

```
2.5 - 01 கூட்டுத் தொடர்வரிசை: பொது வித்தியாசம்
2.5 - 02 கூட்டுத் தொடர்வரிசை: n ஆவது உறுப்பு
2.6 - 01 கூட்டுத் தொடர்: கூடுதல்
```

பாடநூலின் பயிற்சி எண்தான் முதலில். பிள்ளைகள் ‘ரெண்டு புள்ளி அஞ்சு’ என்றுதான் பேசுகிறார்கள், அப்படித்தான் தேடுகிறார்கள். பட்டியலின் வரிசையை Manual என்று வைத்தால் நீங்கள் இழுத்து வைத்த இடத்தில் வீடியோ நிற்கும். மழை விடுமுறையில் தள்ளிப்போன பாடத்தை இரண்டு வாரம் கழித்து எடுத்தாலும் அதை உரிய இடத்தில் செருகிவிடலாம். தலைப்பிலோ விளக்கத்திலோ எந்தப் பிள்ளையின் பெயரையும் எழுதாதீர்கள். ‘சந்தேகம் கேட்டவர்: இன்னார்’ என்று அன்பாகத்தான் எழுதுவோம். இணைப்பு வெளியே போகும் நாளில் அந்தப் பெயரும் சேர்ந்து போகும்.

ஏற்றும்போது

ஒவ்வொரு முறையும் Unlisted என்று தேர்ந்தெடுக்க நினைவை நம்பாதீர்கள். கணினியில் YouTube Studio திறந்து Settings, அதில் Upload defaults. Basic info பக்கத்தில் Visibility என்பதை Unlisted ஆக்குங்கள். பக்கத்திலேயே இருக்கும் Advanced settings-இல் Comments என்பதை Off ஆக்குங்கள். இனி உலாவி வழியே ஏற்றும் எல்லா வீடியோவும் இந்த இரண்டு அமைப்போடு தொடங்கும்.

உலாவி வழியே என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம், கைபேசிச் செயலியில் ஏற்றினால் இந்த முன்னமைப்புகள் பொருந்தாது என்பதுதான். வகுப்பு முடிந்த களைப்பில் போனிலிருந்தே ஏற்றிவிடத் தோன்றும். அப்படி ஏற்றினால் நிலையை அங்கேயே ஒருமுறை சரிபார்த்து விடுங்கள். ஒரு வீடியோ பத்து நிமிடம் பொதுவில் கிடந்தாலும் சந்தாதாரர்களுக்கு அறிவிப்பு போயிருக்கும். பிறகு அன்லிஸ்டட் ஆக்கினாலும் அந்த அறிவிப்பைத் தொட்டவர்களிடம் இணைப்பு இருக்கத்தான் செய்யும்.

இன்னொரு பள்ளம் Schedule. ஞாயிறு காலை எட்டு மணிக்கு வீடியோ வரட்டும் என்று நேரம் குறித்து வைத்தால், அதுவரை Private ஆக இருந்து அந்த நேரத்தில் Public ஆகிவிடும். அன்லிஸ்டட் ஆக வெளியாக நேரம் குறிக்க முடியாது. தேர்வுக்கு முந்தைய நாள்தான் விடைகளைக் காட்ட வேண்டும் என்றால் வீடியோவை Private ஆக ஏற்றி வையுங்கள். உரிய நேரத்தில் கையாலேயே அன்லிஸ்டட் ஆக்குங்கள்.

15 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோவை ஏற்ற, கணக்கைத் தொலைபேசி எண்ணால் ஒருமுறை சரிபார்த்திருக்க வேண்டும். ஒரு மணி நேர வகுப்பு ஏறாமல் நின்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். Details பக்கத்தில் Show more தொட்டால் Allow embedding என்று ஒரு கட்டம் வரும். அதன் குறியை எடுத்துவிட்டால் வேறு இணையதளங்கள் உங்கள் வீடியோவைத் தங்கள் பக்கத்துக்குள் பதித்து ஓட்ட முடியாது.

ஏற்கெனவே ஏற்றிய வீடியோக்கள் இருந்தால் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியதில்லை. Content பக்கத்தில் பெட்டிகளில் குறியிட்டு, Edit, பிறகு Comments அல்லது Visibility, கடைசியில் Update videos. அறுபது வீடியோவையும் ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடலாம்.

எந்த இணைப்பை அனுப்புவது

யூடியூபில் ஒரே பாடத்துக்கு மூன்று வகை இணைப்புகள் புழங்குகின்றன. எது எதைத் திறக்கும் என்று தெரிந்துகொள்ள முகவரியைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

```
https://www.youtube.com/playlist?list=PLxxxx
https://www.youtube.com/watch?v=xxxx&list=PLxxxx&index=7
https://youtu.be/xxxx?t=754
```

முதலாவது முழுப் பட்டியல். இரண்டாவது ஏழாவது வீடியோ. கூடவே `list=` இருப்பதால் பட்டியல் முழுவதும் பக்கத்தில் விரியும். மூன்றாவது அந்த ஒரு வீடியோ மட்டும், அதுவும் 754-ஆவது விநாடியிலிருந்து, அதாவது 12 நிமிடம் 34 விநாடியில்.

இரண்டாவதுதான் தெரியாமல் நடக்கும் கசிவுக்குக் காரணம். சென்ற ஆண்டு ஒரு அம்மா என்னிடம் வந்து, “டீச்சர், எங்க அண்ணன் பையனுக்கு இந்த ஒரு கணக்கு மட்டும் புரியலன்னான், அதான் அந்த லிங்க்கை அனுப்பினேன், தப்பில்லையே?” என்று கேட்டார். தப்பே இல்லை. ஆனால் அவர் அனுப்பியதில் `list=` இருந்தது. ஒரு கணக்குக்காகக் கேட்ட பையனுக்கு ஆண்டு முழுதின் வகுப்பும் போய்ச் சேர்ந்திருந்தது. அன்றிலிருந்து பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான்: யாருக்காவது ஒரு கணக்கைக் காட்ட வேண்டும் என்றால் என்னிடம் கேளுங்கள், நான் மூன்றாவது வகை இணைப்பை எடுத்துத் தருகிறேன். கேட்கிறார்கள். பிள்ளைகள் திருட்டுத்தனமாகச் செய்வதில்லை, முகவரியின் வால் என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

பட்டியலின் இணைப்பை நான் வைத்திருக்கும் இடம் பேட்சின் வாட்ஸ்அப் குழுவின் விளக்கப் பகுதி. குழுவில் செய்தியாக அனுப்பினால் இரண்டு நாளில் மேலே போய்விடும், பிறகு ஆளாளுக்கு ‘மிஸ், லிங்க் அனுப்புங்க’ என்பார்கள். ஒவ்வொரு முறை புதிதாக அனுப்பும்போதும் அது இன்னொருவருக்குத் தள்ளிவிடப்பட வாய்ப்பு கூடுகிறது. விளக்கத்தில் இருந்தால் தேடிப் போய் எடுத்துக்கொள்வார்கள். விளக்கத்தை மாற்றும் உரிமையை நிர்வாகிக்கு மட்டும் என்று வையுங்கள். புதுப் பாடம் ஏறியதும் குழுவில் ‘2.6 இரண்டாவது ஏற்றியாச்சு’ என்று இணைப்பில்லாமல் ஒரு வரி போதும். அன்லிஸ்டட் வீடியோவுக்கு யூடியூப் அறிவிப்பு தராது என்பதால் அந்த வரியை நாம்தான் எழுத வேண்டும்.

கருத்துப் பெட்டியை மூடுவது

அன்லிஸ்டட் வீடியோவிலும் கருத்து எழுதலாம் என்பது பலருக்குத் தெரியாது. திறந்து வைத்தால் என்ன நடக்கும் என்று முதல் பருவத்தில் பார்த்தேன். ஒரு மாணவி சந்தேகம் கேட்டாள், அவளது அம்மாவின் முழுப் பெயரும் படமும் அதில் தெரிந்தன. இன்னொருவன் ‘வாட்ஸ்அப் பண்ணுடா’ என்று தன் எண்ணையே எழுதினான். இணைப்பு யாரிடம் போனாலும் அந்தப் பெயர், படம், எண் எல்லாம் அவர்கள் கண்ணில் படும், அவர்களும் பதில் எழுதலாம். பதினைந்து வயதுப் பிள்ளைகள் எழுதும் இடத்தை அப்படித் திறந்து வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

கருத்துகளை நிறுத்திவைத்துச் சரிபார்த்தபின் வெளியிடும் வசதியும் இருக்கிறது. அதற்குத் தினமும் ஒருவர் உட்கார வேண்டும். தனியாக ட்யூஷன் நடத்துகிறவர் மூடிவிடுவதே நல்லது. ஏற்றிய வீடியோவில் Details, Show more, அதில் Comments என்பதை Off ஆக்குங்கள். பக்கத்தில் Pause என்றும் ஒன்று இருக்கும். அது புதுக் கருத்துகளை மட்டும் தடுக்கும், பழையவை தெரிந்துகொண்டே இருக்கும். Off என்றால் பழையவையும் மறையும். அழிந்துபோகாது, மறுபடி திறந்தால் திரும்பத் தெரியும். அதனால் எண் எழுதப்பட்ட கருத்துகளை முதலில் கையால் நீக்கிவிட்டு, பிறகு மூடுங்கள்.

யூடியூபில் நேரலையாக வகுப்பெடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: நேரலை அரட்டை வேறு, கருத்து வேறு. கருத்தை மூடினாலும் அரட்டை திறந்தே இருக்கும். வகுப்பின்போது பிள்ளைகள் அதில் பேசட்டும் என்று விடுவதானால், பதிவில் அந்த அரட்டை மறுபடி ஓடாதபடி அதன் மறுஒளிபரப்பை அணைத்துவிடுங்கள்.

சந்தேகத்துக்கு வழி வேண்டுமே. பிள்ளை எனக்குத் தனியாக ‘2.5 இரண்டாவது, 12:34’ என்று எழுதுகிறது. எந்த அடியில் சிக்கியது என்று அந்த நேரமே சொல்லிவிடும். மூன்று பேர் ஒரே நேரத்தைக் குறிப்பிட்டால் அங்கே நான் சரியாக விளக்கவில்லை என்று பொருள், மறுநாள் வகுப்பில் அதைத்தான் முதலில் எடுப்பேன்.

கசிந்தால்

அரையாண்டுத் தேர்வுக்கு முன் ஒரு நாள், 2.5-இன் முதல் வீடியோ 210 முறை பார்க்கப்பட்டிருந்தது. தேர்வு நேரத்தில் ஒரு பிள்ளை மூன்று முறை பார்த்தாலும் நூறைச் சுற்றித்தான் வர வேண்டும். பக்கத்துப் பாடங்களில் அப்படித்தான் எண்பது, தொண்ணூறு என்று இருந்தது. எண்ணிக்கை கூடியது ஒன்றில் மட்டும் என்பதே சந்தேகத்துக்குக் காரணம்.

Studio-வில் அந்த வீடியோவின் Analytics திறந்து, பார்வைகள் எந்த வழியாக வந்தன என்று காட்டும் Traffic source பகுதியைப் பார்த்தேன். நம் ஏற்பாட்டில் வர வேண்டியவை வாட்ஸ்அப் முதலிய வெளியிணைப்புகள், நேரடித் திறப்பு, நம் பிளேலிஸ்ட் ஆகியவை. YouTube search வழியாகப் பார்வைகள் வந்திருந்தன. அன்லிஸ்டட் வீடியோ தேடலில் வரக் கூடாது. Playlists வரியில் என்னுடையதல்லாத ஒரு பட்டியலின் பெயரும் இருந்தது. ஒரு மாணவி தனக்குப் படிக்க வசதியாகத் தன் கணக்கில் ஒரு பிளேலிஸ்ட் போட்டு அதில் இந்த வீடியோவைச் சேர்த்திருக்கிறாள். அவளது பட்டியல் Public. அந்த ஒரு செயல் போதும், வீடியோ தேடலுக்குள் வந்துவிட்டது.

குழுவில் கேட்டதும் அவளே சொன்னாள், பயந்துபோயிருந்தாள். திட்டுவதற்கு ஒன்றுமில்லை. அவளது பட்டியலை Private ஆக்கச் சொன்னேன், நொடியில் ஆனது. ஆனால் அதுவரை பார்த்தவர்களின் பார்வை வரலாற்றில் இணைப்பு இருக்கிறது. வீடியோவை Private ஆக்கிவிட்டு நாலு நாள் கழித்து அன்லிஸ்டட் ஆக்கினாலும் அதே முகவரிதான், பழைய இணைப்பு மறுபடி வேலை செய்யும். பிளேலிஸ்ட்டை அழித்துப் புதிதாகப் போட்டால் பட்டியலின் முகவரி மாறும், உள்ளிருக்கும் வீடியோவின் முகவரி மாறாது. ஏறிய வீடியோவில் கோப்பை மட்டும் மாற்றி வைக்கவும் யூடியூபில் வழியில்லை. புது முகவரி வேண்டுமானால் மறுபடி ஏற்றுவது ஒன்றே வழி.

ஏற்றினேன். மூலப் பதிவு வன்தட்டில் இருந்ததால் அரை மணி நேர வேலை. Studio-விலிருந்தே பதிவிறக்கியிருந்தால் தெளிவு குறைந்த பிரதிதான் கிடைத்திருக்கும். அதனால் மூலத்தை ஆண்டு முடியும்வரை அழிக்காதீர்கள். புதியதைப் பட்டியலில் அதே இடத்துக்கு இழுத்து வைத்தேன், பழையதை Private ஆக்கினேன். அழிக்கவில்லை, எண்ணிக்கை விவரங்கள் பின்னால் பார்க்கத் தேவைப்பட்டன. பிள்ளைகளுக்குப் பட்டியலின் இணைப்பு மாறவில்லை, அவர்கள் எதையும் செய்ய வேண்டியிருக்கவில்லை. தனித்தனி வீடியோ இணைப்பாகக் கொடுத்திருந்தால் 34 பேரிடமும் புதியதைச் சேர்ப்பதற்குள் தேர்வே முடிந்திருக்கும்.

இப்போது மாதம் ஒரு முறை, முதல் ஞாயிற்றுக்கிழமை, அந்த மாதத்து வீடியோக்களின் எண்ணிக்கையை மேலிருந்து கீழ் ஒரு பார்வை பார்க்கிறேன். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட இரு மடங்கு தாண்டினால் திறந்து பார்ப்பேன். திரையைப் பதிவுசெய்து கோப்பாகவே அனுப்புகிறவரை இந்த வழியில் கண்டுபிடிக்க முடியாது. அதைத் தடுக்கவும் யூடியூபில் ஒன்றுமில்லை. அந்த அளவு காவல் தேவைப்படும் பாடம், உதாரணமாக நீங்களே தயாரித்த மாதிரி வினாத்தாளின் விடை விளக்கம் என்றால், அதைப் பதிவே செய்யாமல் வகுப்பில் மட்டும் நடத்துங்கள்.

ஆண்டு முடிவில்

பொதுத் தேர்வு முடிந்த வாரம் பட்டியலை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன். பாடநூல் விளக்கங்கள் அடுத்த பேட்சுக்கும் உதவும். அவற்றை அன்லிஸ்டட் ஆகவே விட்டு, புது ஆண்டின் புதுப் பிளேலிஸ்ட்டில் சேர்க்கிறேன். பழைய பிளேலிஸ்ட்டை நீக்கினால் வீடியோக்கள் நீங்காது, பட்டியல் மட்டுமே போகும். போன ஆண்டுப் பிள்ளையின் கைபேசி வரலாற்றில் சில பாடங்கள் தங்கியிருக்கும், அவள் தம்பிக்குக் காட்டுவாள். காட்டட்டும், அதற்காக எண்பது வீடியோவை மறுபடி ஏற்ற மாட்டேன்.

சந்தேக வகுப்புப் பதிவுகள் அப்படியல்ல. அவற்றில் பிள்ளைகளின் குரல் இருக்கிறது, தப்பான விடை சொல்லித் திருத்திக்கொள்வது இருக்கிறது. சிலவற்றில் பலகைக்கு வந்து நிற்கும் முகமும் இருக்கிறது. முடிவு வந்த மறுநாள் அவை அத்தனையையும் Content பக்கத்தில் குறியிட்டு Private ஆக்குகிறேன். அந்த ஆண்டின் வாட்ஸ்அப் குழு விளக்கத்திலிருந்து இணைப்பை எடுக்கிறேன். ஜூனில் புதுப் பிள்ளைகள் சேர்ந்து, கட்டணம் கட்டி, குழுவில் பெயர் ஏறிய பிறகுதான் புது இணைப்பு விளக்கத்தில் வரும்.